தீர்வுக்குள் ஒரு தப்பு வரி: டியூஷன் நோட்ஸைப் பிழை தேடும் பயிற்சித்தாளாக மாற்றுவது எப்படி?

கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்து டியூஷன் சென்டர்களில் எஸ்எஸ்எல்சி பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகளின் பையில் ஒரு கட்டு ஜெராக்ஸ் இருக்கும். டீச்சர் போட்டுக் கொடுத்த கணக்குத் தீர்வுகள். படிக்கப் படிக்க எல்லா வரியும் புரியும். அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடச் சொன்னால் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். சரியான தீர்வைப் படிக்கிறவர் எந்த வரியிலும் நின்று யோசிக்க வேண்டியதில்லை. அடுத்த வரிதான் கீழே தயாராக இருக்கிறதே!

அந்த ஜெராக்ஸையே வேறு விதமாகப் பயன்படுத்தலாம். தீர்வில் ஒரே ஒரு வரியைத் தப்பாக மாற்றி, அதற்குக் கீழுள்ள வரிகளை அந்தத் தப்புக்கு ஏற்றபடி திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வரி தப்பு, ஏன் தப்பு, அங்கிருந்து சரியான வழி எது என்று பிள்ளை எழுத வேண்டும். பக்கத்தில் குறிப்பு எழுத இடம் விட வேண்டும். டீச்சர் கையில் ஒவ்வொரு தப்புக்கும் விளக்கம் எழுதிய விடைக்குறிப்பு இருக்க வேண்டும். இதுதான் பிழை தேடும் பயிற்சித்தாள். கேட்க எளிது. செய்ய உட்கார்ந்தால்தான் எங்கெல்லாம் சறுக்கும் என்று தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம்.

கணக்கு இது: 7, 11, 15, … என்ற வரிசையில் முதலிலிருந்து எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 250 வரும்? தமிழ்நாட்டுப் புத்தகம் இதைக் கூட்டுத் தொடர்வரிசை என்கிறது. மலையாளம் மீடியத்துப் பிள்ளைகள் சமாந்தர ஸ்ரேணி என்பார்கள். பெயர் எதுவானாலும், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே வித்தியாசம் இருக்கும்.

முதல் வேலை தீர்வை வரி வரியாகப் பிரிப்பது. டியூஷன் நோட்ஸில் பெரும்பாலும் இரண்டு மூன்று படிகளை ஒரே வரியில் நெருக்கி எழுதியிருப்பார்கள். கரும்பலகையில் வாயால் சொல்லிக்கொண்டே எழுதியது அப்படியே நோட்டில் ஏறியிருக்கும். அதைப் பிரித்து, ஒரு வரிக்கு ஒரு முடிவு என்று எண் போட்டு எழுத வேண்டும்.

```
1) பொது வித்தியாசம் = 11 − 7 = 4
2) n-ஆம் உறுப்பு = 4n + 3
3) கூட்டுத்தொகை = (n/2)(7 + 4n + 3)
4) = 2n² + 5n
5) 2n² + 5n − 250 = 0
6) b² − 4ac = 25 + 2000 = 2025; வர்க்கமூலம் 45
7) n = (−5 ± 45)/4
8) n = 10 அல்லது −12.5
9) எண்ணிக்கை என்பதால் n = 10
```

வரி எண் இல்லாவிட்டால் பிள்ளை "நடுவில் எங்கேயோ தப்பு" என்று எழுதி முடித்துவிடும். எண் இருந்தால் "7-ஆம் வரி" என்று கை வைத்தாக வேண்டும். திருத்துவதும் சுலபம்.

பிரித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எந்த விதி அதை அனுமதிக்கிறது என்று உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள். 3-ஆம் வரிக்கு, முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி, எண்ணிக்கையால் பெருக்கி, பாதியாக்குவது. 9-ஆம் வரிக்கு, உறுப்புகளின் எண்ணிக்கை முழு எண்ணாகவும் மிகையாகவும் இருக்க வேண்டும் என்பது. இந்தக் குறிப்பு பிள்ளையின் தாளுக்குப் போகாது. ஆனால் எந்த வரிக்கு எதிரே உங்களுக்கே காரணம் எழுத வரவில்லையோ, அந்த வரியில் தப்பை நட வேண்டாம். அங்கே இன்னும் ஒரு படி மறைந்திருக்கிறது, முதலில் அதைப் பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது, என்ன தப்பை நடுவது? இதைக் கற்பனையில் தேடக் கூடாது. பெரியவர்கள் யோசித்து உருவாக்கும் தப்புகள், 2 + 3 = 6 என்பது போல, ஒருவரும் செய்யாத தப்புகளாக இருக்கும். மாதப் பரீட்சையில் திருத்திய 20, 30 தாள்களைப் புரட்டினால் போதும். இந்த ஒரு கணக்கில் மட்டும் திரும்பத் திரும்ப வருபவை நான்கு. 2-ஆம் வரியில் 4n + 7 என்று எழுதுவது. 6-ஆம் வரியில் c எதிர்மறை என்பதை மறந்து 25 − 2000 என்று கழிப்பது. 7-ஆம் வரியில் கீழே 4 போட வேண்டிய இடத்தில் 2 போடுவது. அதே வரியில் −5-க்குப் பதில் 5 போடுவது. இந்த நான்கும் போதும், ஐந்தாவது தேட வேண்டாம்.

இப்போது நடுவோம். 7-ஆம் வரியில் வகுக்கும் எண்ணை 2 ஆக்குகிறோம்.

```
7) n = (−5 ± 45)/2
8) n = 20 அல்லது −25
9) எண்ணிக்கை என்பதால் n = 20
```

8-ஆம் வரியையும் 9-ஆம் வரியையும் மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் தாள் தயாரிப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 7-ஐ மட்டும் மாற்றிவிட்டு, 8-இல் பழைய 10-ஐ விட்டுவிடுவார்கள். அப்போது தாளில் தப்பு இரண்டாகிவிடும். 7-ஆம் வரி தப்பு என்று எழுதிய பிள்ளையும் சரி, 8-ஆம் வரி முந்தையதோடு ஒட்டவில்லை என்று எழுதிய பிள்ளையும் சரி. யாருக்கு மதிப்பெண் கொடுப்பது? நட்ட தப்புக்குப் பிறகு வரும் எல்லா வரியும் அந்தத் தப்பிலிருந்து ஒழுங்காகக் கணக்கிடப்பட்டதாக இருக்க வேண்டும். தப்பு ஒன்று, அதன் பின்விளைவுகள் பல. விடைத்தாளில் பிள்ளைகள் செய்வதும் அப்படித்தான். ஒரு இடத்தில் சறுக்கிவிட்டு, மீதியை மிகவும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.

இந்தத் தப்பின் அழகு, விடை 20 என்று முழு எண்ணாக வந்து நிற்பதுதான். சந்தேகமே வராது. இதையே 4n + 7 தப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2-ஆம் வரியில் அதை நட்டால் கூட்டுத்தொகை 2n² + 9n ஆகும், முதல் உறுப்பையும் 11 என்று எடுத்துக்கொண்டால். முதல் உறுப்பு 7 என்று கேள்வியிலிருந்தே எடுத்தால் 2n² + 7n ஆகும். இரண்டாவதையே எடுப்போம், பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். 250-க்குச் சமன்படுத்தினால் b² − 4ac = 49 + 2000 = 2049. இது வர்க்க எண் இல்லை. 45-இன் வர்க்கம் 2025, 46-இன் வர்க்கம் 2116. வர்க்கமூலம் அசிங்கமான தசமமாக வந்தவுடனே, கணக்குத் தெரியாத பிள்ளைகூட "இங்கே ஏதோ கோளாறு" என்று மேலே போய்த் தேடும். தப்பைக் கண்டுபிடித்தது தப்பைப் புரிந்துகொண்டதால் அல்ல, எண் கோணலாக இருந்ததால்.

எண்ணை மாற்றிச் சரிக்கட்ட முடியுமா என்றால், முடியாது. சரியான வழியில் 25 + 8S வர்க்கமாக வேண்டும், தப்பான வழியில் 49 + 8S வர்க்கமாக வேண்டும். S என்பது கூட்டுத்தொகை. இரண்டு வர்க்கங்களுக்கும் வித்தியாசம் 24. 24 வித்தியாசம் உள்ள முழு வர்க்கங்கள் இரண்டே ஜோடி: 49-உம் 25-உம், 25-உம் 1-உம். முதல் ஜோடியில் S பூஜ்யமாகிவிடுகிறது, இரண்டாவதில் எதிர்மறையாகிவிடுகிறது. ஆகவே இந்த வரிசையில், இந்த வகைக் கேள்வியில், அந்தத் தப்பு ஒளிந்துகொள்ளவே இடமில்லை.

அப்படியானால் தப்பை விட்டுவிட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். "முதல் 20 உறுப்புகளின் கூட்டுத்தொகை என்ன?" என்று கேட்டால் வர்க்கமூலத்துக்கே வேலை இல்லை. சரியான வழியில் கடைசி உறுப்பு 83, கூட்டுத்தொகை 900. தப்பான வழியில் கடைசி உறுப்பு 87, கூட்டுத்தொகை 940. இரண்டும் உருண்டையான எண்கள், எது சரி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

7-ஆம் வரித் தப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. n முழு எண்ணாக வருமாறு கூட்டுத்தொகையைத் தேர்ந்தெடுத்தாலே b² − 4ac தானாக வர்க்கமாகிவிடும். ஆகவே தாள் தயாரிக்கும்போது முதலில் n-ஐ முடிவு செய்து, பிறகு கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுக் கேள்வியில் போட வேண்டும். வகுக்கும் எண்ணை 2 ஆக்கும் தப்பில், n² -க்கு முன்னால் 2 இருந்தால் விடை எப்போதும் சரியானதைப்போல் இரண்டு மடங்கு. எதிர்மறைக் குறியை விடும் தப்பில், விடையில் ஒன்று எப்போதும் சரியான n-இன் எதிர்மறை. எந்த எண் போட்டாலும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பொது வித்தியாசம் 2 உள்ள வரிசையை எடுத்துவிடாதீர்கள். அங்கே கூட்டுத்தொகை n² + … என்றுதான் வரும், கீழே வர வேண்டியதும் 2-தான். நட்ட தப்பு தப்பாகவே இருக்காது. பிள்ளைகள் அரை மணி நேரம் இல்லாத பிழையைத் தேடுவார்கள்.

4n + 7-க்கு இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லையோரத்து டியூஷனுக்கே உரிய விஷயம். கேரளப் பாடநூல்கள் இந்த வரிசையின் n-ஆம் உறுப்பை `an + b` என்ற வடிவில் எழுதிப் பழக்குகின்றன. அதில் a என்பது பொது வித்தியாசம், a + b முதல் உறுப்பு. பொள்ளாச்சிப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பாடத்திட்ட கைடில் `a + (n − 1)d`. அதில் a என்பது முதல் உறுப்பு. ஒரே எழுத்து, மாநில எல்லையைத் தாண்டினால் வேறு பொருள். தமிழில் விளக்கம் கிடைக்கிறதே என்று அந்த கைடை வாங்கிப் படிக்கும் தமிழ் மீடியம் பிள்ளை, 7, 11, 15 என்ற வரிசைக்கு 4n + 7 என்று எழுதினால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, `7 + (n − 1)4` என்பதில் −1-ஐ மறந்தது. மற்றொன்று, `an + b`-இல் b-தான் முதல் உறுப்பு என்று நினைத்தது. தாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மருந்து வேறு. முதல் பிள்ளைக்கு, முதல் உறுப்பில் வித்தியாசம் இன்னும் ஒருமுறைகூடச் சேரவில்லை என்று காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த a எது என்று காட்ட வேண்டும்.

அதனால்தான் விடைக்குறிப்பில் "2-ஆம் வரி தப்பு, 4n + 3 என்று வர வேண்டும்" என்று எழுதினால் போதாது. குறிப்பில் நான்கு விஷயங்கள் வேண்டும்: எந்த வரி, எழுதியவர் என்ன நினைத்திருப்பார், விடை தெரியாமலே அதை எப்படிப் பிடிப்பது, அங்கிருந்து சரியான தொடர்ச்சி என்ன. 20 என்று முடிந்த தீர்வுக்கு எழுதிய குறிப்பு இப்படி இருக்கும்.

> வரி 7. சூத்திரத்தில் கீழே இருப்பது 2a. இங்கே a = 2, ஆகவே 4. எழுதியவர் இதற்கு முன் போட்ட கணக்குகளில் n²-க்கு முன்னால் 1-தான் இருந்திருக்கும். அங்கே 2a எப்போதும் 2. "கீழே 2" என்றே மனதில் பதிந்திருக்கிறது. பிடிக்கும் வழி: 20 உறுப்பு கூட்டினால் கடைசி உறுப்பு 83. 7-க்கும் 83-க்கும் சராசரி 45. 20 × 45 = 900. கேள்வி 250 என்கிறது. தொடர்ச்சி: (−5 + 45)/4 = 10. கடைசி உறுப்பு 43, சராசரி 25, 10 × 25 = 250.

இதில் மூன்றாவது பகுதியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். பரீட்சை ஹாலில் பிள்ளையின் கையில் விடைக்குறிப்பு இருக்காது. தன் விடையைத் தானே சோதிக்கும் வழி ஒன்றுதான் இருக்கும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை. 4n + 7-க்கு அதைவிடக் குறைவு: n-க்கு 1 போட்டால் 11 வருகிறது, வரிசையின் முதல் எண் 7. முடிந்தது. கேரள எஸ்எஸ்எல்சி கணக்குத் தாள் 80 மதிப்பெண், எழுத இரண்டரை மணி நேரம், அதற்கு முன் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் 15 நிமிடம். எழுதும் நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எதைச் செய்யும் என்பதை இந்த மூன்றாவது பகுதிதான் பழக்குகிறது. "ஒருமுறை சரிபார்த்துக்கொள்" என்று சொன்னால், பிள்ளைகள் எழுதியதையே மேலிருந்து கீழ் படிப்பார்கள். படித்தால் தன் தப்பு தனக்குச் சரியாகவே தெரியும்.

இப்போது தாளை அமைப்போம். ஒரு ஏ4 தாளில், இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு தீர்வுகள் போதும். நான்குக்கும் ஒரே கணக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது வார இதழ்களில் வரும் "ஆறு வித்தியாசம் கண்டுபிடி" ஆகிவிடும். பக்கத்துத் தீர்வோடு ஒப்பிட்டு, மாறிய வரியை வட்டமிட்டுவிடுவார்கள். ஒரே வகைக் கணக்கு, வேறு வேறு எண்கள். கீழே உள்ள நான்கும் சோதித்துப் பார்த்தவை.

முதலாவது நாம் பார்த்ததே: 7, 11, 15, …, கூட்டுத்தொகை 250, கீழே 2 போட்ட தப்பு, 20 என்று முடியும்.

இரண்டாவது: 3, 7, 11, … வரிசையில் முதல் சில உறுப்புகளின் கூட்டுத்தொகை 300 ஆகுமா? கூட்டுத்தொகை 2n² + n. சரியான வழியில் 1 + 2400 = 2401, வர்க்கமூலம் 49, n = 12. இதில் 6-ஆம் வரியில் 1 − 2400 = −2399 என்று எழுதி, "வர்க்கமூலம் இல்லை, ஆகவே 300 ஆகாது" என்று முடித்துவிடலாம். "எத்தனை உறுப்பு?" என்பதற்குப் பதில் "ஆகுமா?" என்று கேட்பதால்தான் இந்தத் தப்பான முடிவு இயல்பாக உட்காருகிறது. பாடநூலிலும் இப்படிப்பட்ட கேள்விகள் உண்டு என்பதால் பிள்ளைக்குச் சந்தேகம் வராது. பிடிக்கும் வழி: பத்துப் பன்னிரண்டு உறுப்புகளைக் கையால் கூட்டிப் பார்ப்பதே. 10 உறுப்புக்கு 210, 11-க்கு 253, 12-க்கு 300.

மூன்றாவது முழுக்கச் சரியான தீர்வு: 5, 11, 17, …, கூட்டுத்தொகை 208. கூட்டுத்தொகையின் வடிவம் 3n² + 2n, b² − 4ac = 2500, n = (−2 ± 50)/6, ஆகவே 8 அல்லது −26/3. அந்த −26/3 கண்ணை உறுத்தும். உறுத்தட்டும், அதற்காகத்தான் இந்த எண்கள். நான்கில் ஒன்றாவது பிழையற்றதாக இல்லாவிட்டால், பிள்ளைகள் எப்படியும் ஒரு தப்பு இருக்கும் என்று நல்ல வரியையும் தப்பு என்று எழுதப் பழகிவிடுவார்கள். பரீட்சையில் தன் சரியான விடையையே கடைசி நிமிடத்தில் அடித்துவிட்டு வருவது இந்தப் பழக்கத்தால்தான். தாளின் தலைப்பில் "சில தீர்வுகளில் ஒரு பிழை உண்டு, சிலவற்றில் இல்லை" என்று தெளிவாகப் போடுங்கள்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: 9, 13, 17, …, கூட்டுத்தொகை 225. சரியான விடை 9. தாளில் உள்ள தீர்விலும் விடை 9.

```
5) 2n² + 7n − 225 = 0
6) b² − 4ac = 49 + 1800 = 1849; வர்க்கமூலம் 43
7) n = (7 ± 43)/4
8) n = 12.5 அல்லது −9
9) எண்ணிக்கை மிகை முழு எண் என்பதால் n = 9
```

7-ஆம் வரியில் −7-க்குப் பதில் 7. அதனால் குறி மாறி −9 வருகிறது, 12.5 வருகிறது. இரண்டுமே உதவாது. 9-ஆம் வரியில் −9-இன் குறியைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு 9 என்று எழுதியாகிறது. ஒரு தப்பு என்ற நம் விதியை இங்கே தெரிந்தே மீறுகிறோம், ஏனென்றால் விடைத்தாள்களில் இந்த இரண்டு தப்பும் எப்போதும் கைகோத்தே வருகின்றன. "விடை 9 தானே டீச்சர் வந்திருக்கு, பிறகென்ன தப்பு?" என்று ஒரு குரலாவது எழும். அந்தக் கேள்வியை எழுப்பத்தான் இந்தத் தீர்வு. படிக்குப் படி மதிப்பெண் தரும் தாளில் 7-ஆம் வரியின் மதிப்பெண் போய்விடும். அதைவிட முக்கியம், அடுத்த கணக்கில் இந்த அதிர்ஷ்டம் கைகொடுக்காது: ஒரு புள்ளியின் இடத்தைக் கேட்டால், குறியைத் துடைத்தால் விடையே மாறும். இந்தத் தீர்வுக்கு மட்டும் தாளில் "இதில் விடை சரி" என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் விடையைச் சோதித்துவிட்டு "பிழை இல்லை" என்று கடந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு தீர்வின் வலப்பக்கமும் தாளின் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். அதில் பிள்ளை மூன்று எழுத வேண்டும்: வரி எண், காரணம் ஒரு வாக்கியத்தில், திருத்திய வரிகள் கடைசி விடை வரை. காரணத்தை எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள், அது பிரச்சினையே இல்லை. ஆனால் "கணக்கு தப்பு" என்பதை மட்டும் காரணமாக ஏற்கக் கூடாது. நான்கு தீர்வுக்கு 25 நிமிடம் கொடுத்தால் சரியாக இருக்கும்.

யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஜெர்மன் ஆய்வாளர்கள் குரோஸே, ரென்கில் இருவரும் 2007-இல் நிகழ்தகவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாடம் ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களுக்குச் சரியான தீர்வும் தப்பான தீர்வும் கலந்து கொடுத்தது பயன்பட்டது. பாடம் தெரியாதவர்களுக்குச் சரியான தீர்வுகளை மட்டும் கொடுத்ததே மேலாக இருந்தது. ஆனால் தப்பு எங்கே என்று சுட்டிக்காட்டிக் கொடுத்தபோது அவர்களுக்கும் உதவியது. டியூஷன் வகுப்பில் இதன் பொருள் எளிது. ஒரே தாளை இரண்டு விதமாக ஜெராக்ஸ் எடுங்கள். கணக்கு ஓடும் பிள்ளைகளுக்கு வெறும் தாள். தடுமாறும் பிள்ளைகளுக்குத் தப்பு வரியில் பென்சிலால் கோடிட்ட தாள், "இந்த வரி ஏன் தப்பு?" என்ற கேள்வியோடு. சூத்திரத்தையே இன்னும் எழுத வராத பிள்ளைக்கு இந்தத் தாள் வேண்டவே வேண்டாம். முதலில் சரியான தீர்வு இரண்டு மூன்று படித்து, ஒன்று தானாகப் போட்டுவிட்டு வரட்டும்.

இன்னொரு ஆபத்து தாளுக்கு வெளியே இருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். தலைப்பு வெட்டுப்பட்டு, நடுவில் உள்ள தீர்வு மட்டும் சுற்றிவரும். வராத பிள்ளை அதை விடை என்று நம்பிப் படிக்கும். ஆகவே "பிழை தேடு" என்ற சொல்லைத் தாளின் தலையில் மட்டும் போடாமல், ஒவ்வொரு தீர்வின் முதல் வரிக்கு முன்னாலும், கடைசி விடைக்குப் பக்கத்திலும் போடுங்கள். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்று மிஞ்சும். வகுப்பு முடியும் முன்பே திருத்திய வரிகளையும் எழுத வைத்துவிடுங்கள். தப்பு வரியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்து நினைவில் நிற்பது அந்தத் தப்பு வரியாகவே இருக்கலாம். டீச்சரின் விடைக்குறிப்பை அன்றே கையில் கொடுப்பதிலும் தயங்க வேண்டாம். தேடி முடித்த பிறகு அதைப் படிப்பதுதான் பாடம்.

பலன் இருந்ததா என்று பார்க்க ஒரு வாரம் கழித்து வெள்ளைத்தாளில் ஒரே ஒரு கணக்குக் கொடுங்கள்: 11, 15, 19, … எத்தனை உறுப்பு கூட்டினால் 200? தீர்வு வேண்டாம், குறிப்பு வேண்டாம். சரியான விடை 8. 16 என்று வந்த தாளில் கீழே 2 இன்னும் இருக்கிறது. "ஆகாது" என்று வந்தால் 6-ஆம் வரியின் குறி. 4n + 11 என்று தொடங்கியிருந்தால், அந்தப் பிள்ளையின் பையில் எந்த கைடு இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். 8 என்று வந்த தாளையும் விடாமல் 7-ஆம் வரி வரை படித்துப் பாருங்கள், அங்கே −9 இருக்கிறதா, 9 இருக்கிறதா என்று.